அம்மாவின் கடிதங்களை இங்கிலீஷில் எழுதப் போகிறாயா? அக்காவின் டிப்ஸ்

கும்பகோணத்துச் சித்தி பத்திரமாக வைத்திருந்த அம்மாவின் கடிதக் கட்டு இப்போது அடையாறில் உன் வீட்டு மேஜைமேல் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. "பாட்டி என்ன எழுதியிருக்கா, இங்கிலீஷ்ல போட்டு அனுப்பு" என்று கேட்டுவிட்டார்கள். நீ முதல் கடிதத்தைக் கையில் எடுத்து, பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நேரே இங்கிலீஷில் எழுத ஆரம்பித்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படி.

நேரே இங்கிலீஷுக்குப் போனால், புரியாத இடத்தில் என்ன எழுதியிருந்தது என்பதே தொலைந்துபோகும். உன் ஊகம் மட்டும் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று கட்டம் போடு. முதல் கட்டத்தில் தாளில் இருப்பதை இருக்கிறபடியே தமிழில் எழுது. புள்ளி இல்லாவிட்டால் நீயும் வைக்காதே, தப்பாக இருந்தால் தப்பாகவே எழுது. வரிக்கு வரி நிறுத்து. இரண்டாவது கட்டத்தில் அதையே இன்றைய எழுத்தில், சேர்த்துப் பிரித்து, புள்ளி வைத்து எழுது. மூன்றாவதுதான் இங்கிலீஷ். பிள்ளைகளுக்கு அனுப்புவது மூன்றாவது கட்டம் மட்டும் என்றாலும் முதல் இரண்டையும் தூக்கிப் போடாதே. நாளைக்கு யாராவது "இது அப்படி இல்லையே" என்றால் எடுத்துப் பார்க்க அவைதான் இருக்கும்.

முதலில் போட்டோ

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே படித்தால் மடிப்பு கிழியும். போட்டோ எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் படி. காலை வெயில் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரம் போதும். வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் பேனா அழுத்திய தடம்கூடத் தெரியும். மை போய்விட்ட இடத்தில் அந்தத் தடம்தான் எழுத்து.

ஒன்றே ஒன்றில் கவனம். போனில் டாக்குமெண்ட் எடுக்கும் ஆப்களில் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதி இருக்கும். தாள் பளிச்சென்று ஆகிவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது சின்னப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். தமிழில் புள்ளி போனால் என்ன ஆகும்? கலரிலேயே எடு. ஜெராக்ஸ் கடையில் தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் மெஷினில் மட்டும் கொடுத்துவிடாதே.

இன்லேண்ட் லெட்டர் என்றால் எல்லாப் பக்கமும் எடு. அம்மா உள்ளே இடம் தீர்ந்ததும் ஓரத்தில் செங்குத்தாக எழுதுவாள், பிறகு ஒட்டுகிற மடிப்பிலும் எழுதுவாள். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விலாசப் பக்கத்தையும் விடாதே. தபால் முத்திரை அங்கே இருக்கிறது.

எழுத்து ஏன் புரியவில்லை

அம்மாவின் கையெழுத்து மோசம் என்று நீ நினைக்கிறாய். இல்லை. அவள் படித்த காலத்து எழுத்து வேறு. 1978இல் அரசாங்கம் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் ஒரு துதிக்கை வளைந்து எழுத்தோடு ஒட்டியிருக்கும். ணா, றா, னாவுக்குக் காலைத் தனியாகப் போடாமல் எழுத்தின் கடைசிக் கோட்டையே கீழே இழுத்துச் சுழித்துவிடுவார்கள். பழைய கல்கி, விகடன் பைண்டு வால்யூம் ஒன்றை எடுத்துப் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படி, கண் பழகிவிடும். வீட்டில் இல்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, உனக்குப் பக்கம்தான். ஆனால் பழைய எழுத்து இருக்கிறதே என்று கடிதமும் 1978க்கு முந்தையது என்று முடிவு கட்டாதே. அம்மா கடைசிவரை அப்படித்தான் எழுதினாள்.

அதைவிடப் பெரிய சங்கடம் மூன்று. அவசரத்தில் எழுதும்போது அவள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வித்தியாசம் காட்ட மாட்டாள். காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி எதிரே வைத்துக்கொள். 'மரமர' என்றால் மாமா. 'தொடு' என்றால் அது காதில் போடும் தோடாக இருக்கலாம்.

நீ எனக்கு அனுப்பியிருந்தாயே, மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது என்று, 'தரழவரரம' என்று ஒரு வார்த்தை? ஒவ்வொரு 'ர'வையும் காலாக மாற்றிப் பார். எங்கெங்கே புள்ளி வைக்கலாம் என்று பார். தா, ழ், வா, ர, ம். தாழ்வாரம். மயிலாப்பூர் வீட்டில் முற்றத்தைச் சுற்றி ஓடுமே, அதே தாழ்வாரம்தான். இதற்கு 'வராண்டா' என்று எழுதினால் பிள்ளைகள் வாசல் பக்கத்தை நினைத்துக்கொள்வார்கள். தமிழ் வார்த்தையையே இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, முற்றத்தைச் சுற்றிய கூரை போட்ட நடை என்று அடியில் ஒரு வரி எழுது.

சில குறிகளும் வரும். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௸ என்பது மேற்படி. கையால் எழுதும்போது அது 'ஷை' மாதிரியே இருக்கும். அதனால் 'ஷையாள்' என்று யாரோ ஒரு அம்மாள் வருவதாக நினைத்துவிடாதே, முன் வரியில் சொன்ன அதே ஆள்தான். இந்தக் குறிகள் எல்லாம் யூனிகோடில் இருக்கின்றன, முதல் கட்டத்தில் அப்படியே டைப் செய்யலாம்.

விஜய வருஷத்துத் தை மாதம்

இப்போது தாழ்வாரம் வந்த அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே 'விஜய௵ தை௴ 5௳, மதராஸ் 4' என்று இருக்கிறது. அறுபது வருஷப் பட்டியலைப் பார்த்து விஜய என்றால் 1953 என்று எழுதியிருக்கிறாய். விஜய 1953 ஏப்ரலில் ஆரம்பித்து 1954 ஏப்ரலில் முடிகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த இங்கிலீஷ் வருஷத்தில் விழும். ஆகவே இது 1954 ஜனவரி 18ஐ ஒட்டி. ஒரு நாள் முன்பின் இருக்கலாம், அதைத் தபால் முத்திரையில் சரிபார். இன்னொரு சாட்சியும் கடிதத்திலேயே இருக்கிறது. "இந்த வாரக் கல்கி இன்னும் வரவில்லை, வந்தியத்தேவன் என்ன ஆனானோ" என்கிறாள். பொன்னியின் செல்வன் கல்கியில் 1950இல் தொடங்கி 1954இல் முடிந்த தொடர். பொருந்துகிறது.

'மதராஸ் 4' என்பதைப் பிள்ளைகள் வீட்டு நம்பர் என்று நினைப்பார்கள். அது தபால் வட்டத்தின் எண். 1972இல் பின்கோடு வந்தபோது அந்த எண்ணே கடைசியில் ஒட்டிக்கொண்டது. மயிலாப்பூர் 600004, தியாகராய நகர் 600017, உன் அடையாறு 600020. அம்மா 'மாம்பலம்' என்று எழுதினால் அது பெரும்பாலும் தி.நகர். ஆனால் எப்போதும் இல்லை. விலாசத்தில் 17 இருந்தால் தி.நகர், 33 இருந்தால் மேற்கு மாம்பலம். மேப்பில் தேடப்போகிற பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் வேண்டும்.

கடிதத்தின் நடுவில் இந்த வரி வருகிறது, முதல் கட்டத்தில் இருக்கிறபடியே: 'பொன மழையில தரழவரரம இடிநது விடடது. கொததனார கூலி கொடுகக வெணும. வளையலை …டடி… வைததிருககிறது.' 'டடி'க்கு இரண்டு பக்கமும் பூச்சி அரித்து ஓட்டை. நீ 'வளையலைப் பெட்டியில் வைத்திருக்கிறது' என்று படித்து, வளையல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதிவிட்டாய். வாக்கியம் நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் 'வட்டிக்கு வைத்திருக்கிறது' என்றாலும் நிற்கும். முதலாவதில் வளையல் பீரோவில் இருக்கிறது, இரண்டாவதில் அடகுக் கடையில்.

இந்த மாதிரி இடத்தில் அர்த்தத்தை வைத்து முடிவு செய்யாதே, முதலில் தாளைப் பார். 'பெட்டி' என்றால் 'டடி'க்கு முன்னால் கொம்புக்கும் 'ப'வுக்கும் சேர்த்து இரண்டு எழுத்து இடம் வேண்டும். 'வட்டி'க்கு ஒரு எழுத்து இடம் போதும். அம்மாவின் வேறு வரியில் 'பெ' எவ்வளவு அகலம், 'வ' எவ்வளவு அகலம் என்று ஸ்கேல் வைத்து அளந்து ஓட்டையோடு ஒப்பிடு. பின்னால் இருக்கிற ஓட்டையில் அகலம் உதவாது. 'யில' என்றாலும் 'ககு' என்றாலும் இரண்டே எழுத்துதான். ஆனால் 'கு'வின் சுழி வரிக்குக் கீழே இறங்கும், 'ல' இறங்காது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டைக்குக் கீழே சின்னதாக ஒரு வளைவு மிச்சம் இருக்கிறது. அடுத்த வரியின் கொம்பு மேலே ஏறியிருக்கிறதோ என்றும் பார்த்தேன், அங்கே கொம்பு இல்லை.

பிறகு முன்னும் பின்னும் இருக்கும் கடிதங்கள். 'ஜய௵ சித்திரை௴' என்று ஒன்று இருக்கிறது, பார். வருஷத்தின் பெயர் வேறு என்பதால் நீ அதை ஒரு வருஷம் தள்ளி அடுக்கியிருக்கிறாய். விஜய தைக்கும் ஜய சித்திரைக்கும் மூன்று மாதம்தான் இடைவெளி. அதில் 'வளையலை மீட்டாச்சு' என்று தெளிவாக எழுதியிருக்கிறாள். பெட்டியில் இருக்கும் வளையலை யாரும் மீட்க மாட்டார்கள்.

சந்தேகத்தை எப்படிக் காட்டுவது

பிள்ளைகளுக்குப் போகிற பிரதியில் மூன்று அடையாளம் போதும், அதற்குமேல் வேண்டாம். தாளில் அழிந்து, வேறு சாட்சியால் உறுதியான வார்த்தைக்குச் சதுர அடைப்பு மட்டும் போடு. அந்த 'வட்டிக்கு' இந்த ரகம். சதுர அடைப்புக்குள் அதன் இங்கிலீஷைப் போட்டு, 'சித்திரைக் கடிதத்தைப் பார்' என்று அடியில் எழுதினால் முடிந்தது. ஊகம் மட்டும்தான் என்றால் அடைப்புக்குள் வார்த்தைக்குப் பின்னால் கேள்விக்குறி, [ ?] என்று. ஒன்றுமே படிக்க முடியவில்லை என்றால் [...] போட்டு எத்தனை வார்த்தை போயிற்று என்று குறி. இரண்டு அர்த்தமும் சம பலத்தோடு நின்றால் ஒன்றை மேலே போட்டு மற்றதை அடிக்குறிப்பில் கொடு. அழகாக இருக்கட்டும் என்று ஓட்டையை மூடி மெழுகாதே.

பெரியவர்களிடம் கேட்கும்போது ஒரு சாமர்த்தியம் வேண்டும். மாம்பலத்து மாமியிடம் போய் "இது வட்டிதானே மாமி?" என்று கேட்டால் "ஆமாண்டி, வட்டிதான்" என்பாள். அந்த பதில் எதற்கும் உதவாது. முன் வரியைப் படித்துக் காட்டி, ஓட்டை வந்ததும் நிறுத்து. "அப்புறம் என்ன இருக்கும் மாமி?" என்று கேள். அவளாகச் சொன்னால்தான் கணக்கு.

அகராதி வேண்டும் என்றால் மதராஸ் யூனிவர்சிட்டியின் தமிழ் லெக்சிகன்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, அம்மா எழுதின மாதிரி வடமொழி கலந்த வார்த்தைகள் நிறைய கிடைக்கும். dsal.uchicago.edu என்ற தளத்தில் இலவசமாகத் தேடலாம். கொம்பு சந்தேகம் இருந்தால் குறில், நெடில் இரண்டையும் போட்டுப் பார். பழைய கடிதங்களை ஒரு பதிப்பாசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்று பார்க்க ஆசை இருந்தால், உ.வே.சா.வுக்கு 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்திருக்கிறார், 'கடிதக் கருவூலம்' என்று. வெளியிட்டது பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூல்நிலையம். உன் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம்.

இங்கிலீஷில் தடுமாறும் இடங்கள்

'சௌ. பட்டுவுக்கு அநேக ஆசீர்வாதம், உபயக்ஷேமம், நிற்க' என்பதை முதல் கடிதத்தில் ஒரு தடவை முழுசாக மொழிபெயர்த்து விளக்கிவிடு. அப்புறம் சுருக்கிக்கொள். எல்லாக் கடிதத்திலும் அதே மங்களத்தைப் படித்தால் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவதற்குள் மூடிவைத்துவிடுவார்கள். ஆனால் அது இல்லாமல் ஆரம்பிக்கிற கடிதம் வந்தால் கவனி, ஏதோ அவசரம் அல்லது கோபம்.

அதே தைக் கடிதத்தில் 'குஞ்சு ஸ்நானம் பண்ணவில்லை, மூணாம் மாசம், மசக்கை படுத்துகிறது' என்று வருகிறது. 'ஷி ஹேஸ் நாட் பேத்ட்' என்று போட்டுவிடாதே தாயே. நம் அத்தை உண்டாகியிருக்கிறாள் என்று எழுது. இந்தக் குஞ்சு அத்தைதான், ஆனால் 1963க்கு அப்புறம் வரும் குஞ்சு பெரியண்ணாவின் பெண். செல்லப்பெயர் ஒவ்வொன்றுக்கும் எந்த வருஷத்தில் யார் என்று தனியாக ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்.

'இவர்' என்று வந்தால் அப்பா. பெயர் சொல்ல மாட்டாள். அங்கே அடிக்குறிப்பில் தாத்தா என்று சேர்த்துவிடலாம். 'அவர்'தான் ஆபத்து. 'மாம்பலத்து அவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்' என்கிறாள். தமிழில் அது பெரியப்பாவாகவும் இருக்கலாம், பெரியம்மாவாகவும் இருக்கலாம். இங்கிலீஷில் ஹீ அல்லது ஷீ என்று ஒன்றைப் போட்டே ஆகவேண்டும். மற்ற கடிதங்களில் பெரியம்மாவை அவள் 'வந்தாள்' என்று எழுதுகிறாளா, 'வந்தார்' என்று எழுதுகிறாளா என்று பார். அதிலும் தெரியாவிட்டால் மாம்பலத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என்று வாக்கியத்தையே மாற்றிவிடு, பால் வராது.

பூக்காரி பாக்கி '0-6-0' என்று இருப்பது ரூபாய், அணா, பைசா இல்லை. ரூபாய், அணா, பை. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. 1957 ஏப்ரலில் தசமக் கணக்கு வரும்வரை அதுதான். ஆறு அணா என்றே எழுது, டாலரில் மாற்றிக் காட்டாதே. வீசை என்றால் ஏறக்குறைய 1.4 கிலோ, அடிக்குறிப்பில் ஒரு முறை சொன்னால் போதும்.

இன்னொன்று. கட்டைத் தேதிவாரியாக அடுக்கினால் சில இடத்தில் ஆள் சட்டென்று காணாமல் போயிருப்பார். நம் தாத்தா 1958இல் இருக்கிறார், அடுத்த கடிதத்தில் வருஷாப்தீகம் வருகிறது. நடுவில் கடிதம் தொலைந்துவிட்டது என்று வீடு முழுக்கத் தேடாதே. சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த இடைவெளி எதனால் என்று பிள்ளைகளுக்கு ஒரு வரியில் எழுதிவிடு.

அடகு வைத்ததை எழுதலாமா என்று போனில் கேட்டாய். எழுது. அது நம் அம்மா வளையல், சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோன கதை இரண்டு கடிதத்தில் வருகிறதே, அந்தக் குடும்பம் இன்னும் மாட வீதியில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பிரதியில் பெயரை எடுத்துவிடு, முதல் கட்டத்தில் மட்டும் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் கடிதங்களை மறுபடி மடிக்காதே. விரித்தபடியே வைத்து, நடுவில் வெள்ளைத் தாள் கொடுத்து அட்டைப் பெட்டியில் போடு. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதே, லேமினேஷன் பண்ணவே பண்ணாதே, இரண்டையும் பிறகு எடுக்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை திறந்து பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடு. ஜய வருஷத்துக் கடிதத்தைச் சரியான இடத்தில் அடுக்கிவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. மாசியில் எழுதினது ஒன்று இருந்தாக வேண்டும், அது எந்த உறைக்குள் போயிற்று என்று பார்க்கலாம்.